வளைவதும் மடிவதும்: நெகிழ்குழாய் ஒன்றின் வழித்தடம்

தமிழில் 'வளை' என்பது வேறு, 'மடி' என்பது வேறு. மூங்கிலை வளைக்கிறோம், தாளை மடிக்கிறோம். வளைந்த பொருள் மீண்டும் நிமிரும். மடிந்த பொருளில் மடிப்பின் தடம் நின்றுவிடும். பொறியியலாளர் குறைந்தபட்ச வளைவு ஆரம் என்று குறிப்பிடும் எண், இவ்விரு சொற்களுக்கும் இடையே இழுக்கப்பட்ட கோடுதான். குழாயையோ மின்வடத்தையோ எந்த அளவு வரை வளைத்தால் அது வளைவாகவே இருக்கும், எதைத் தாண்டினால் மடிவாக மாறும் என்பதை அது சொல்கிறது. இப்பொழிவில், பட்டறைகளில் 'ஹோஸ்' என வழங்கும் ஹைட்ராலிக் நெகிழ்குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு, இவ்வெல்லையை மீறாமல் அதற்கு ஓர் இயந்திரத்தினுள் வழி வகுப்பது எப்படி எனப் பார்ப்போம்.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய் மடிந்தால் நீர் நின்றுவிடும். நிமிர்த்தினால் மீண்டும் ஓடும். ஹைட்ராலிக் குழாய் அத்தகையதன்று. உள்ளே எண்ணெயைத் தாங்கும் ரப்பர்க்குழல், அதன்மேல் எஃகுக் கம்பிப் பின்னல், அதற்கும் மேல் ரப்பர் உறை என்பது அதன் அமைப்பு. அழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் அன்று, கம்பிப் பின்னலே. அரை அங்குல உள்விட்டமும் இரண்டு அடுக்குப் பின்னலும் உடைய சாதாரணக் குழாய் 275 பார் அழுத்தத்தில் பணிபுரியக் கூடியது. மகிழுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் இது நூறு மடங்கிற்கும் மேல்.

இக்குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 22 மி.மீ. ஐரோப்பியத் தர ஆவணம் 853 இதற்கு விதிக்கும் குறைந்தபட்ச வளைவு ஆரம் 180 மி.மீ. இந்த ஆரம் குழாயின் நடுக்கோட்டுக்கு அளக்கப்படுவதன்று. வளைவின் உட்புற விளிம்புக்கு அளக்கப்படுவது. கணினியில் வரைபவர்கள் நடுக்கோட்டின் ஆரத்தையே 180 என்று கொடுத்துவிட்டு நிம்மதியடைவதுண்டு. உண்மையில் நடுக்கோட்டுக்கு 180 உடன் குழாயின் பாதித் தடிமனான 11-ஐயும் கூட்டி 191 மி.மீ. கொடுக்க வேண்டும்.

ஏன் 180? வளைவின் வெளிப்பக்கம் நடுக்கோட்டைவிட நீண்டாக வேண்டும். 191-இல் 11 என்பது ஏறத்தாழ ஆறு விழுக்காடு. எஃகுக் கம்பி அவ்வளவு நீளாது. ஆகவே பின்னலின் கம்பிகள் தம் சாய்வை மாற்றிக்கொண்டு இடம் கொடுக்கின்றன: வெளிப்பக்கத்தில் அவற்றின் இடைவெளி அகலும், உட்பக்கத்தில் அவை நெருங்கும். ஆரத்தை 90 மி.மீ. ஆகக் குறைத்தால் வெளிப்பக்க நீட்சி பதினொரு விழுக்காட்டை எட்டும். அப்போது அகன்ற கம்பிகளுக்கிடையே உட்குழல் பிதுங்க முனையும். உட்பக்கத்தில் நெருங்கிய கம்பிகள் ஒன்றையொன்று தேய்க்கும். குழாய் அன்றே வெடித்துவிடாது என்பதுதான் இதிலுள்ள ஏமாற்று. அது தாங்கக்கூடிய அழுத்தம் குறைந்துபோகும். ஒவ்வொரு முறை அழுத்தம் ஏறி இறங்கும்போதும் தேய்வு கூடும்.

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். சட்டத்தில் பொருத்திய அசையாத எண்ணெய் வாய் ஒன்று. மேலும் கீழும் 400 மி.மீ. நகரும் பாகத்தில் மற்றொரு வாய். இரண்டும் கீழ்நோக்கியவை. அவற்றின் நடுக்கோடுகளுக்கு இடையே 300 மி.மீ. இவற்றை இணைக்கும் குழாய் ஊஞ்சல் கயிறுபோல் தொங்கி அரைவட்டமாக வளைய வேண்டும்.

முதலில் இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். சாதாரணக் குழாய்க்கு நடுக்கோட்டு ஆரம் 191 என்றால், இரண்டு வாய்களுக்கும் இடையே 382 மி.மீ. தேவை. நம்மிடம் இருப்பது 300. வலிந்து பொருத்தினால் உட்புற ஆரம் 139 ஆகிவிடும். ஆகவே இக்குழாய் இங்கே ஆகாது. வாய்களுள் ஒன்றில் முழங்கை இணைப்பைப் பொருத்தி, குழாய் வேறு திசையில் புறப்படுமாறு செய்யலாம். ஆனால், அதே அழுத்தத்தைத் தாங்கும் மெலிந்த வகைக் குழாய் ஒன்று உண்டு. தர ஆவணம் 857-இன்படி அதன் ஆரம் 130 மி.மீ.; வெளிவிட்டம் ஏறத்தாழ 20 மி.மீ. அதைத் தேர்ந்தால் உட்புற ஆரம் 150-இல் 10 போக 140 என நிற்கும். எல்லைக்குமேல் பத்து மில்லிமீட்டர்தான் மிச்சம், எனினும் போதும்.

அடுத்தது நீளம். 150 மி.மீ. ஆரமுள்ள அரைவட்டத்தின் நீளம் 471. இணைப்பின் உலோகக் கழுத்தை ஒட்டியே குழாய் வளையத் தொடங்கக் கூடாது. வெளிவிட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நேராக ஓடிய பின்னரே வளைய வேண்டும். இரண்டு முனைக்கும் சேர்த்து அது 60. இனி நகர்வு. அசையாத வாயை நகர்வுப் பாதையின் நடு மட்டத்தில் வைத்தால், நகர்வில் பாதியாகிய 200-ஐக் கூட்டினால் போதும். பாதையின் கோடியில் வைத்தால் முழு 400-ஐயும் கூட்ட வேண்டும். குழாய் நீண்டு, ஆடி, எதிலாவது உரசும். மொத்தம் 731. அழுத்தம் ஏறுகையில் இவ்வகைக் குழாய் நான்கு விழுக்காடு வரை சுருங்கலாம். இரண்டு விழுக்காடு வரை நீளவும் கூடும். சுருங்கிய பின்னும் 731 மிஞ்ச வேண்டுமாகையால், இணைப்புகளின் நீளம் நீங்கலாக, 770 மி.மீ. எனக் கொள்வோம். நகரும் பாகம் அடியில் நிற்கும்போது குழாயின் வளைவு அசையாத வாயிலிருந்து ஏறத்தாழ 410 மி.மீ. கீழே இறங்கும், நீட்சிக்கும் சற்று இடம் விட்டு, அங்கே கூர்விளிம்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆரமும் நீளமும் சரியாக இருந்தும் குழாய் கெடுவதுண்டு. பெரும்பாலும் காரணம் முறுக்கு. கம்பிப் பின்னல் வளைவதற்காகப் பின்னப்பட்டதேயன்றி முறுகுவதற்காக அன்று. குழாயின் உறைமீது நெடுக அச்சிட்டிருக்கும் எழுத்து வரிசையே இதற்குச் சாட்சி: பொருத்திய பின் அவ்வரிசை ஒரே பக்கத்தில் ஓடினால் முறுக்கில்லை, கொடிபோல் சுற்றினால் முறுக்கு உண்டு. ஒரு ஸ்பேனரால் குழாயின் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருக வேண்டும். பாகம் நகரும் திசையும் குழாய் வளையும் தளமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். குறுக்கே நகர்ந்தால் ஒவ்வொரு நகர்விலும் குழாய் முறுகும்.

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. 130 மி.மீ. ஆரத்தில் ஒரு தடித்த அட்டையை வட்டமாக வெட்டுங்கள். எண்ணெய் அழுத்தம் இல்லாத நிலையில், பாகத்தை மேற்கோடியிலும் கீழ்க்கோடியிலும் நிறுத்தி, குழாய் மிகக் கூர்மையாக வளையும் இடத்தின் உட்புறத்தில் அவ்வட்டத்தைப் பொருத்துங்கள். வட்டம் இருபுறமும் முட்டி நின்று, நடுவே வெளிச்சம் தெரிந்தால், வளைவு எல்லையை மீறியது என்று பொருள். வட்டம் நடுவில் படிந்து, இருபுறமும் இடைவெளி தெரிந்தால் கவலை இல்லை. கழுத்தருகிலும் இதையே செய்யுங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழைய குழாயில் வளைவு தட்டையாகியிருப்பதும், வெளிப்பக்க உறையில் குறுக்கு வெடிப்புகள் இருப்பதும், கழுத்தருகே எண்ணெய் ஈரம் கசிவதும் எல்லை மீறியதைக் காட்டலாம். அவ்வீரத்தை ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். ஆயினும் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். கசிவைத் தேட நீண்ட அட்டைத்துண்டைப் பயன்படுத்துங்கள். குழாயைத் தொடுமுன் இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை முற்றிலும் வெளியேற்றுங்கள்.