வார்டன் ஒட்டிய தாள்

மழை தொடங்கியதும் கல்லூரி விடுதிப் பலகையில் வார்டன் கையெழுத்தோடு ஒரு தாள் ஏறும். காய்ச்சிய நீரையே குடிக்கவும், பாட்டிலைப் பகிர வேண்டாம், ராத்திரியில் இனிப்பு பானங்கள் வேண்டாம். நின்று படிப்பவர்கள் குறைவு.

முதல் வரியில்தான் விஷயம் அதிகம். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி, தண்ணீர் தளதளவென ஒரு நிமிடம் கொதித்தாலே செத்துவிடும். சிக்கல் அடுப்பை அணைத்த பிறகு. காய்ச்சிய நீரில் கிருமியைத் தடுக்கும் குளோரின் மிஞ்சுவதில்லை. திறந்த அண்டாவுக்குள் கழுவாத கை டம்ளரோடு இறங்கினால், காய்ச்சியதே வீண். மூடிபோட்ட, குழாய் வைத்த பாத்திரம் வேண்டும் என்பது அதனால்தான்.

உடலுக்குள் போன கிருமி நோயாக வெளிப்பட சராசரியாக 28 நாள் ஆகும். இன்று ஒரு மாணவனின் கண் மஞ்சளானால், காரணமான தண்ணீரையோ உணவையோ போன மாதத்தில் தேட வேண்டும். மஞ்சள் தெரிவதற்கு ஓரிரு வாரம் முன்பே அவனிடமிருந்து கிருமி பரவத் தொடங்கியிருக்கும். ‘யாருக்கும் ஒன்றுமில்லையே’ என்ற வாதம் இங்கே எடுபடாது.

வாய் வைத்துக் குடித்த பாட்டில் கைமாறினால் சளியும் பொன்னுக்கு வீங்கியும் எச்சிலோடு போகும். அண்ணாந்து குடிக்கும் நம்மூர்ப் பழக்கம் எவ்வளவோ மேல்.

தேர்வு இரவில் திறக்கும் 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. 11 மணிக்குக் குடித்தால் அதிலுள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி, விடிகாலை 4 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.