ஒரே மணமகள், ஒரே நிறம்

கல்யாண ஆல்பத்தில் பல வீடுகளில் எழும் குறை ஒன்று உண்டு. முகூர்த்தப் படத்தில் மாநிறமாக இருக்கும் பெண், மண்டப வாசலில் எடுத்த படத்தில் சற்று நீலம் பாய்ந்து தெரிவாள். புல்வெளிப் படத்தில் முகம் பச்சை தட்டியிருக்கும். படங்களைத் திருத்தியவர் கவனிக்காமல் விட்டார் என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தைச் சிறிது நேரம் பார்த்தாலே கண் அதற்குப் பழகிவிடும். அடுத்து வரும் சரியான படம் நீலமாகத் தெரியும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கண்ணோடு எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

போட்டோஷாப்பில் இதற்கென்று Color Sampler Tool இருக்கிறது. அதை எடுத்து முகத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் அங்கே ஒரு குறி நிற்கும். அந்த இடத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் Info பகுதியில் 0 முதல் 255 வரையிலான எண்களாகத் தெரியும். வைப்பதற்கு முன் மேலே Sample Size என்பதை 5 by 5 Average அல்லது அதற்கும் பெரியதாக மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியின் எண் வரும். அது ஒரு மயிர்க்காலின் நிறமாகக்கூட இருக்கலாம்.

குறியை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. மூக்கு நுனியில் வெளிச்சம் பளபளக்கும், கன்னத்தில் ரூஜ், நெற்றியில் குங்குமமும் நெற்றிச்சுட்டியும். வெளிச்சம் விழும் பக்கத்தில், பளபளப்புக்கும் நிழலுக்கும் நடுவே, காதை ஒட்டிய கன்னம் பெரும்பாலும் நம்பகமானது. எல்லாப் படத்திலும் அதே இடம்தான். இரண்டாவது குறியை மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் வைக்க வேண்டும். அது சாட்சி, ஏன் என்பது கணக்கில் புரியும்.

நல்ல படம் ஒன்றை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். அதில் கன்னம் 180, 132, 104. சட்டை 226, 224, 220. வாசல் படத்தில் கன்னம் 171, 132, 114 என்று காட்டுகிறது. சிவப்பு குறைந்து நீலம் ஏறியிருக்கிறது. சட்டையைப் பார்த்தால் 215, 224, 242. அங்கேயும் அதே கதைதான். அப்படியானால் வந்த வெளிச்சமே நீலம். படம் முழுவதையும் திருத்தலாம்.

Curves லேயரைத் திறந்து, சிவப்புக் கோட்டில் ஒரு புள்ளி வைத்து Input 171, Output 180 என்று கொடுக்கிறோம். இன்னொரு புள்ளியில் 215-ஐ 226 ஆக்குகிறோம். நீலக் கோட்டில் 114 என்பது 104 ஆகும், 242 என்பது 220 ஆகும். பச்சையைத் தொட வேண்டாம். கன்னத்துக்கு மட்டும் புள்ளி வைத்து நிறுத்தினால் முகம் சரியாகும், சட்டையில் நீலம் அப்படியே தங்கிவிடும். திருத்தும்போது Info பகுதியில் பழைய எண்ணும் புது எண்ணும் 171/180 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், ஊகிக்க வேண்டியதில்லை.

புல்வெளிப் படம் வேறு மாதிரி. கன்னம் 172, 140, 104. சட்டையோ 226, 224, 220 என்று சுத்தமாக இருக்கிறது. வெளிச்சத்தில் குற்றமில்லை, புல்லில் பட்டுத் தெறித்த பச்சை முகத்தில் மட்டும் விழுந்திருக்கிறது. இங்கே படம் முழுவதற்கும் Curves போட்டால் வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாகிவிடும். லேயரின் மாஸ்க்கை முகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாட்சிக் குறி இல்லாமல் இந்த வித்தியாசம் பிடிபடாது. ஒன்று மட்டும்: வெளுப்பூட்டி போட்டுத் துவைத்த துணி பகல் வெளிச்சத்தில் தானாகவே கொஞ்சம் நீலம் காட்டும். ஆகவே சட்டையை முழு வெள்ளையாக்கப் பார்க்காமல், அளவுகோல் படத்தில் அதே சட்டை காட்டிய எண்ணோடு ஒப்பிடுவதே சரி.

கன்னம் 153, 112, 88 என்று வந்தால்? மூன்று எண்ணும் ஒரே விகிதத்தில் இறங்கியிருக்கின்றன. நிறம் சரிதான், வெளிச்சம்தான் போதவில்லை. பிரகாசத்தைக் கூட்டினால் போதும். எண்களை ஒப்பிடும் படங்கள் எல்லாம் ஒரே வண்ண வெளியில், உதாரணமாக sRGB-யில், இருப்பதும் அவசியம். ஒன்று Adobe RGB-யில் இருந்தால் அதே நிறத்துக்கு வேறு எண் வரும்.

நலங்குப் படத்தில் மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகத்தான் இருக்கும். அதை 180, 132, 104-க்கு இழுப்பது திருத்தமே அல்ல. அதுபோலவே, ஒரு பெண்ணின் எண்ணை இன்னொரு பெண்ணுக்குப் போடுவதும், யாரோ வகுத்த சிவந்த நிறத்துக்கு எல்லா மணப்பெண்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் தவறு. ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அளவுகோல் படத்தை நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெண்ணையோ அவள் அம்மாவையோ திரைக்கு முன் உட்கார வைத்து, எந்தப் படத்தில் அவள் அவளாகத் தெரிகிறாள் என்று கேட்டுவிட்டு, அந்தப் படத்தில் முதல் குறியை வையுங்கள்.