வாங்கியதும் நிற்க வேண்டிய வரவேற்பு மடல்கள்

இணையக் கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல் மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு, அடுத்த பத்து நாட்களில் தானாகப் போய்ச்சேரும் நான்கைந்து மடல்களே வரவேற்புத் தொடர். மடல்களை எழுதுவதைவிட, அது எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று விதி வகுப்பதுதான் கடினம்.

மரச்செக்கு எண்ணெய் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எந்தச் சமையலுக்கு எந்த எண்ணெய் என்று விளக்கும் கையேட்டைக் கேட்டு, ஒரு பெண் திங்கட்கிழமை தன் முகவரியைத் தருகிறார். உறுதிசெய்யும் இணைப்பை அவர் அழுத்தும் கணமே தொடரின் ட்ரிகராக இருக்கட்டும். படிவம் நிரப்பியதையே ட்ரிகராக வைத்தால், தப்பும் தவறுமாகத் தட்டச்சான முகவரிகளுக்கெல்லாம் மடல் போகும்.

கையேடு உடனே போக வேண்டும், கேட்டவர் காத்திருக்கிறார். புதன்கிழமை, நல்லெண்ணெயின் அடியில் ஏன் மண்டி தங்குகிறது என்று விளக்கும் மடல். அதில் விற்பனைப் பேச்சே வேண்டாம். சனிக்கிழமை பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அடுத்த புதன்கிழமை, கூப்பன் முடியப்போவதாக ஒரு நினைவூட்டல். முதலில் இரண்டு நாள், பிறகு மூன்று, நான்கு என இடைவெளி விரிவது நல்லது; முகவரி கொடுத்த சூட்டில் இருக்கும் ஆர்வம் போகப்போகக் குறையும். தொடர் முடியும்வரை கடையின் வழக்கமான சலுகை மடல்கள் அவருக்குப் போகக்கூடாது.

அந்தப் பெண் வெள்ளிக்கிழமை மாலையே முழு விலை கொடுத்து ஒரு லிட்டர் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை கூப்பன் வந்தால், ஏமாந்துவிட்டோம் என்றுதானே நினைப்பார்? பெரும்பாலும் இங்கேதான் தவறு நடக்கிறது. ‘இதுவரை வாங்காதவர்’ என்ற நிபந்தனையைத் தொடரின் வாசலில் மட்டும் வைத்தால், உள்ளே வந்தபின் வாங்கியவரை அது கவனிக்காது. ஒவ்வொரு மடலும் கிளம்புமுன் அந்தச் சோதனை நடக்க வேண்டும். கிளாவியோ மென்பொருளில் இதற்கு `Placed Order zero times since starting this flow` என்ற வடிகட்டி உண்டு.

வாங்கியவர் தொடரைவிட்டு வெளியேறியதும், இரண்டு வாரம் சலுகை மடல்களையும் நிறுத்தி வைக்கலாம். ஆர்டர் உறுதியானது, பார்சல் கிளம்பியது போன்ற தகவல்கள் மட்டும் போகட்டும். அதன்பின் வழக்கமான பட்டியலில் சேர்க்கலாம். ஆர்டரை ரத்து செய்தாலும் வரவேற்பைத் திரும்பத் தொடங்க வேண்டாம்.

ஒரு முகவரியில் பதிவுசெய்து, வேறு முகவரியில் வாங்குகிறவரை எந்த விதியாலும் அடையாளம் காண முடியாது. வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ வரும் ஆர்டரும் அப்படியே. கடைக்காரர் மின்னஞ்சலைக் கேட்டுக் கையால் பதிவுசெய்தால்தான் தொடர் நிற்கும். விதி வேலை செய்கிறதா என்று பார்க்க, கடைக்காரரே ஒரு சோதனை முகவரியில் பதிவுசெய்து, இரண்டாம் மடல் வந்ததும் அதே முகவரியில் ஒரு பொருளை வாங்க வேண்டும். சனிக்கிழமை அந்தப் பெட்டிக்குக் கூப்பன் வந்தால், சோதனை வாசலோடு நின்றுவிட்டதா, ஆர்டர் விவரம் மின்னஞ்சல் மென்பொருளுக்குப் போய்ச்சேரவில்லையா என்று தேட வேண்டும்.