கொம்பில் தடுமாறும் குழந்தை

2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, பள்ளி முடிந்த பிறகு தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் நடத்தும் திட்டம். அப்படியொரு மாலை வகுப்புக்கு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். அதே வரியைச் சொல் மாற்றிப் பலகையில் எழுதினால் வாய் அடைத்துப்போகிறது. படிப்பதுபோல் தெரிந்தது வெறும் மனப்பாடம்.

முதல் நாளே பாடம் தொடங்கக் கூடாது. எழுத்து, சொல், சிறு வாக்கியம் என்று தனித்தனியாகப் படிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். இவள் 'படம்', 'மரம்' எல்லாம் படித்துவிடுகிறாள். 'கொடி'யைக் 'கெரடி' என்கிறாள். துணைக்காலை 'ர' என்று எண்ணிக்கொண்டாள். எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி நிற்பதுதான் குழப்பம்.

ஆகவே இரண்டு வாரம் ஒகர வரிசை மட்டும் போதும். க, ட, ப எழுதிய அட்டைகளின் இருபுறமும் கொம்பையும் காலையும் அவளே வைத்து, கொ, டொ, பொ என்று சேர்த்தே ஒலிக்கட்டும். பிறகு கொடி, பொடி, தொட்டி. அடுத்து, 'கொடியில் பூ' என்ற இரண்டு சொல் வரி.

வகுப்பு வாரியாக உட்காரவைப்பதுதான் பெரிய தவறு. இதே இடத்தில் நிற்கும் ஐந்தாம் வகுப்புப் பையனும் இவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். வாரக் கடைசியில், சொல்லிக்கொடுக்காத 'சொட்டு', 'மொட்டு' இரண்டையும் காட்டிப் பாருங்கள். தானே படித்தால் அடுத்த வரிசைக்குப் போகலாம்.