புரையை எடுத்தும் பார்வை வராதது ஏன்?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் ஏன் அப்பாவுக்கு இடது கண்ணு தெரியல?"

கண் மருத்துவமனைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்கும் மகனுக்கோ மகளுக்கோ கோபம் இருக்கும், மருத்துவர் தவறு செய்துவிட்டாரோ என்ற சந்தேகமும் இருக்கும். பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் எந்தத் தவறும் நடந்திருக்காது. அந்தக் கண்ணில் புரையோடு கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயும் இருந்திருக்கும். புரையை எடுத்துவிட்டார்கள். கிளாக்கோமா பறித்த பார்வையைத் திருப்பித் தர மருத்துவத்தில் இன்றுவரை வழி இல்லை.

இரண்டும் வயதானவர்களுக்கு வருபவை, இரண்டும் வலியில்லாமல் மெல்ல வளர்பவை. அதனால் வீட்டில் எல்லோரும் இரண்டையும் "கண்ணு மங்குது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் அவை தாக்கும் இடங்கள் வேறு. புரை விழுவது கண்ணின் முன்பகுதியில், கருமணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸில். கிளாக்கோமா அழிப்பது கண்ணின் பின்பகுதியில், மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பை.

லென்ஸ் என்பது பெரும்பாலும் நீரும் புரதமும்தான். அந்தப் புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி தடையின்றி உள்ளே போகிறது. வயதாக ஆக அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வேகும் முட்டையில் தெளிவாக இருந்த கரு வெளுப்பதைப் போல லென்ஸும் தெளிவிழக்கிறது. இந்த மாற்றத்தை நோயாளி கட்டாயம் உணர்வார். எதிரே வரும் லாரியின் விளக்கு வெளிச்சம் சிதறிக் கூசும். வெள்ளை வேட்டி பழுப்பாகத் தெரியும். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும். சிலருக்கு, பல ஆண்டுகளாக வாசிக்கக் கண்ணாடி போட்டிருந்தவர்களுக்குக்கூட, திடீரென்று கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் தெரியத் தொடங்கும். லென்ஸின் நடுப்பகுதி இறுகுவதால் வரும் மாற்றம் அது. கண் தேறிவிட்டது என்று அதை நம்பிவிடக் கூடாது.

புரையைப் பொறுத்தவரை தீர்வு எளிது. மங்கிய லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அது இருந்த பையிலேயே செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். 1949-ல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற மருத்துவர் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, குறைந்த விலையில் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு இந்தச் சிகிச்சை ஏழைகளின் கைக்கும் எட்டியது. விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்தால், எத்தனை வருடம் புரையோடு இருந்தவருக்கும் பார்வை திரும்பும். பின்னால் இருக்கும் எதையும் புரை சாகடிப்பதில்லை, ஒளியை மறைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

கிளாக்கோமா வேறு விதமாக நடக்கிறது. கண்ணின் முன்பகுதிக்குள் தெளிந்த ஒரு திரவம் ஓயாமல் சுரக்கிறது. நாம் அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லி வரை சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள வலைபோன்ற வடிகால் வழியாக அது ரத்தத்தில் கலந்துவிடும். சுரப்பும் வடிகாலும் சமமாக இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும்.

அந்த அழுத்தம் தன் வேலையைக் காட்டுவது பின்பக்கத்தில். விழித்திரையில் உள்ள சுமார் 10 லட்சம் நரம்பு செல்கள் ஒவ்வொன்றும் மெல்லிய நீண்ட இழை ஒன்றை மூளைவரை நீட்டியிருக்கின்றன. எல்லா இழைகளும் ஓரிடத்தில் கூடி, சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகளில் நுழைந்து கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. அழுத்தத்தில் அந்தத் தட்டு பின்னோக்கி வளைகிறது, துளைகள் நெரிகின்றன, உள்ளே செல்லும் இழைகள் நசுங்குகின்றன. மூளையிலிருந்து இழை வழியாகச் செல்லுக்கு வரும் ஊட்டப் பொருள்கள் தடைபடுகின்றன. ஊட்டம் நின்ற செல் சில காலத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களின் நரம்பு அந்த அளவைக்கூடத் தாங்குவதில்லை. அதனால் அழுத்தத்தை மட்டும் அளந்து பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட முடியாது.

இதில் கொடுமை, நோயாளிக்கு எதுவும் தெரியாது என்பது. பார்வை ஓரங்களிலிருந்துதான் போகத் தொடங்குகிறது. போன இடம் கறுப்பாகத் தெரியாது. ஒரு கண் விட்டதை மறு கண் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தைச் சுற்றியிருப்பதை வைத்து மூளையே நிரப்பிக்கொள்ளும். நேர்ப்பார்வை கடைசிவரை நிற்பதால் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிப்பவருக்குக்கூட முற்றிய கிளாக்கோமா இருக்கலாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு வருவதைக் கண் பரிசோதனை என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வுகளில் கிளாக்கோமா இருந்தவர்களில் 10-க்கு 9 பேருக்கு மேல் அது தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

மகனின் கேள்விக்கு வருவோம். அந்த அப்பா, 64 வயதான ஒரு நெசவாளர் என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுக்கக் கண்ணுக்கு நேரே உள்ள நூலைப் பார்த்தே பிழைத்தவர், ஓரப்பார்வை போனதை அவர் உணர வாய்ப்பே இல்லை. படியில் கால் தடுக்கும், பக்கத்தில் வரும் சைக்கிளில் இடித்துக்கொள்வார், வயசாச்சு என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். இடது கண்ணில் புரை நன்றாக முற்றி, முகத்துக்கு எதிரே நீட்டிய விரல்கள்கூடத் தெரியாத நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்.

புரை கெட்டியாக இருப்பதால் அந்தக் கண்ணின் பின்புறத்தை மருத்துவரால் பார்க்க முடிவதில்லை. இருந்தாலும் ஒரு சிறு டார்ச் போதும். அதை நான்கு மூலைகளிலிருந்தும் காட்டி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்கிறார். எவ்வளவு முற்றிய புரையாக இருந்தாலும் நரம்பு நன்றாக இருப்பவர் திசையைச் சரியாகச் சொல்லிவிடுவார். நெசவாளரால் ஒரு பக்கம் மட்டுமே சொல்ல முடிகிறது. அடுத்து டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டுகிறார். வெளிச்சம் இடது கண்ணுக்கு வந்ததும், சுருங்கி நிற்க வேண்டிய பாப்பா விரிகிறது. புரையால் இப்படி ஆகாது, நரம்பு கெட்டிருந்தால் ஆகும். அழுத்தம் இடது கண்ணில் 34, வலது கண்ணில் 30. புரை குறைவாக உள்ள வலது கண்ணின் உள்ளே பார்த்தால், நரம்பு வட்டத்தின் நடுவே இருக்கும் சிறு குழி பத்தில் எட்டுப் பங்குவரை அகன்றிருக்கிறது. அவ்வளவு இழைகள் அழிந்துபோய்விட்டன.

சொட்டு மருந்தால் அழுத்தத்தைக் குறைத்த பிறகு இடது கண்ணின் புரையை எடுக்கிறார்கள். வெளிச்சமும், ஓரத்தில் கை அசைவதும் தெரிகிறது. அதற்குமேல் ஒன்றும் வராது. இதை ஆபரேஷனுக்கு முன்பே குடும்பத்தினரை உட்காரவைத்துச் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது நடந்திருந்தால் மகனின் கோபத்துக்கே இடமிருந்திருக்காது.

சரி, நரம்பு ஏன் திரும்ப வளரக் கூடாது? கையில் வெட்டுப்பட்ட நரம்பு மெல்ல வளர்ந்து உணர்ச்சி திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். தவளைக்கும் மீனுக்கும் பார்வை நரம்பை வெட்டினால்கூட மறுபடி வளர்ந்து பார்வை வந்துவிடும். 1940-களில் ரோஜர் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைச் சோதனைகளில் காட்டினார். நமக்கு அது நடப்பதில்லை. பார்வை நரம்பு உண்மையில் மூளையின் நீட்சி. வளர்ந்த மனிதரின் மூளை நரம்புகள் நீளும் திறனை இழந்துவிட்டவை. அவற்றைச் சுற்றியுள்ள உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. தவிரவும் கிளாக்கோமாவில் இழை மட்டும் அறுவதில்லை, அதை நீட்டிய செல்லே செத்துப்போகிறது. செத்த செல்லுக்கு ஈடாக இன்னொன்று பிறப்பதில்லை. புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் வைத்தாலும், அதன் இழை மூளைவரை வளர்ந்து, சரியான இடத்தைக் கண்டுபிடித்து இணைய வேண்டும். லட்சக்கணக்கான இழைகளுக்கு அப்படிச் செய்ய யாருக்கும் தெரியவில்லை.

"வேற கண்ணு வச்சிடலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. கண் தானத்தில் பெறுவதைப் பார்வைக்காகப் பொருத்தும்போது கருவிழி எனப்படும் முன்புறத் தெளிந்த படலத்தை மட்டுமே பொருத்துகிறார்கள். 2023 மே மாதம் நியூயார்க்கில், மின்விபத்தில் முகம் சிதைந்த ஒருவருக்கு முழுக் கண்ணையே பொருத்தினார்கள். அந்தக் கண்ணில் ரத்தம் ஓடியது, விழித்திரை ஒளிக்கு மின் சமிக்ஞைகூடக் கொடுத்தது. ஆனால் பார்வை வரவில்லை. நரம்புக்கும் மூளைக்கும் இடையே தொடர்பு ஏற்படவில்லை.

ஆகவே கிளாக்கோமா சிகிச்சை என்பது மிச்சத்தைக் காப்பது. நெசவாளரின் வலது கண்ணில் அதுதான் நடக்கிறது. தினம் இரவில் ஒரு சொட்டு மருந்து, அது போதாவிட்டால் இன்னொன்று, அதற்கும் அழுத்தம் அடங்காவிட்டால் திரவம் வெளியேறப் புதுவழி அமைக்கும் அறுவை சிகிச்சை. அழுத்தத்தை 1 மில்லிமீட்டர் குறைத்தாலே நோய் முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது என்று ஸ்வீடனில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. சொட்டு மருந்து போட்டும் பார்வை கூடவில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது கூடாது. கூடுவதற்காகக் கொடுத்த மருந்து இல்லை அது, இருப்பது குறையாமல் நிற்பதே அதன் பலன்.

புரை "பழுக்கட்டும்" என்று காத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். முற்றிய லென்ஸ் ஊதி வடிகாலை அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் அழுத்தம் பல மடங்கு ஏறும். கண் சிவந்து, தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். பித்தம் என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால் எளிதில் தீர்ந்திருக்க வேண்டிய புரை, நரம்பைக் கொன்றுவிடும். இந்த அறிகுறிகள் கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 40 வயதைத் தாண்டியிருந்தால் அடுத்த முறை கண் காட்டப் போகும்போது பவரோடு நிறுத்திவிடாதீர்கள். அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், நரம்பையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.