வந்தது எத்தனை பேரோ, அத்தனையால் வகு

ஒரு நகராட்சியில் 12,000 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் கேன் தண்ணீருக்கு மாதம் சராசரியாக எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். வீட்டு வரிப் பட்டியல் கையில் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டில் சொந்தக்காரர் இருக்கிறார், எந்த வீட்டில் வாடகைக்காரர் இருக்கிறார் என்பது அதில் இல்லை. அதனால் வாடகை வீடுகளை மட்டும் தனியே பொறுக்கி எடுக்க வழியில்லை. மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 300 வீடுகளை எடுத்து, கதவைத் தட்டிக் கேட்ட பிறகுதான் யார் வாடகைக்காரர் என்று தெரியும்.

கேட்டு முடித்தபோது 72 வீடுகள் வாடகை வீடுகள். அந்த 72 வீடுகளும் சேர்ந்து மாதம் 32,400 ரூபாய் செலவழிக்கின்றன. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. ஆனால் ஆண், பெண், முதியோர், விவசாயி என்று மக்களைப் பிரித்துச் சராசரி சொல்லும் பெரும்பாலான கணக்கெடுப்புகளில் இதே நிலைமைதான். மொத்த மாதிரியின் அளவை நாம் முடிவு செய்கிறோம். உட்குழுவிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அதே ஊரில் மறுபடி குலுக்கினால் 72 என்பது 66 ஆகலாம், 81 ஆகலாம்.

சராசரி காண 32,400-ஐ எதனால் வகுப்பது? 72-ஆல் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் இங்கே ஒரு நியாயமான தயக்கம் எழும். ஊரில் மொத்தம் 3,000 வாடகை வீடுகள் இருப்பது வேறொரு பதிவேட்டிலிருந்து தெரியும் என்று கொள்வோம். அப்படியானால் நான்கில் ஒரு வீடு வாடகை வீடு. 300 வீடுகளை எடுத்தால் 75 வந்திருக்க வேண்டும். 72 என்பது அதிர்ஷ்டத்தால் வந்த எண், 75 என்பது உறுதியான எண். உறுதியான எண்ணால் வகுப்பதுதானே முறை?

இல்லை. இதை ஒரு சின்னச் சோதனையில் பார்த்துவிடலாம். ஊரின் எல்லா வாடகை வீடுகளும் ஒரு ரூபாய் கூடக் குறையாமல் மாதம் 450 ரூபாய்தான் செலவழிக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். 72 வீடுகள் வந்தால் கூட்டுத்தொகை 32,400. அதை 75-ஆல் வகுத்தால் 432 ரூபாய் என்று வருகிறது. 80 வீடுகள் வந்திருந்தால் 480 ரூபாய். எல்லோரும் ஒரே தொகையைச் செலவழிக்கும் ஊரில் விடை இப்படி ஏறி இறங்குவதற்குக் காரணம் தண்ணீர்ச் செலவு அல்ல, எத்தனை பேர் மாட்டினார்கள் என்பதுதான். வந்த எண்ணிக்கையால் வகுத்தால் எந்தக் குலுக்கலிலும் 450 தான்.

75-ஆல் வகுக்கும் முறையிலும் ஒருபக்கச் சாய்வு இல்லை. எண்ணற்ற முறை குலுக்கிப் பார்த்தால் அதன் விடைகளின் சராசரி சரியான இடத்தில்தான் நிற்கும். ஆனால் நம் கையில் இருப்பது ஒரே ஒரு குலுக்கல். அதில் அந்த முறை, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தடுமாற்றத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது.

அதிர்ஷ்டத்தால் வந்த 72-ஐ நம்பலாம் என்பதற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. 300 வீடுகளும் நேர்மையான குலுக்கலில் வந்தவை. அதில் 72 வாடகை வீடுகள் வந்துவிட்டன என்று தெரிந்தபின், அவை எந்த 72 என்று கேட்டால், ஊரிலுள்ள 3,000 வாடகை வீடுகளிலிருந்து எடுக்கக்கூடிய எந்த 72 வீட்டுத் தொகுதிக்கும் சமமான வாய்ப்பே இருந்தது. அதாவது, வாடகை வீடுகளின் தனிப் பட்டியலை வைத்துக்கொண்டு நேரடியாக 72 வீடுகளைக் குலுக்கி எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதேதான் கிடைத்திருக்கிறது. இல்லாத பட்டியலிலிருந்து எடுத்த மாதிரி இலவசமாக வந்து சேர்ந்தது போல. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான்.

ஆகவே பிழையையும் அப்படியே கணக்கிடலாம். அந்த 72 வீடுகளின் செலவில் திட்ட விலக்கம் 240 ரூபாய் என்று கொள்வோம். 240-ஐ 72-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 28 ரூபாய். ஊரில் நாற்பதில் ஒரு வீட்டை எடுத்ததற்கான திருத்தம் இதை மிகக் கொஞ்சம்தான் குறைக்கும். எனவே வாடகைக்காரர்களின் சராசரிச் செலவு 450 ரூபாய், சுமார் 394-க்கும் 506-க்கும் இடையில் என்று சொல்லலாம். 75-ஆல் வகுத்திருந்தால் திட்டப் பிழை 28 அல்ல, 51 ரூபாயை ஒட்டி வந்திருக்கும்.

எண்ணிக்கை நம் கையில் இல்லாததற்கு விலையே இல்லையா? உண்டு. பெரும்பாலான குலுக்கல்களில் வாடகை வீடுகள் 60 முதல் 90 வரை வரும். 60 வந்தால் திட்டப் பிழை 31 ரூபாயை நெருங்கும், 90 வந்தால் 25-க்கு இறங்கும். முன்கூட்டியே 75 என்று நிர்ணயித்து எடுப்பதோடு ஒப்பிட்டால், பிழையின் வர்க்கம் சராசரியாக ஒரு சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5 என்றால் அதே விலை கால் பங்குக்கு மேல் போய்விடும். ஆயிரம் குலுக்கலில் ஆறேழு முறை அந்தக் குழுவிலிருந்து ஒருவர்கூட வரமாட்டார். அப்போது வகுக்க எண்ணே இல்லை.

களத்தில் நடக்கும் ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். 75 வரவேண்டிய இடத்தில் 72 வந்திருக்கிறதே என்று, பக்கத்துத் தெருவில் மூன்று வாடகை வீடுகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிடுவார்கள். மேலே சொன்ன சமவாய்ப்பு அந்த நொடியே உடைந்துவிடும். குறைந்து வந்த 72 நேர்மையான எண். நிரப்பப்பட்ட 75 அப்படியல்ல.

சராசரிக்குப் பதில் மொத்தத் தொகையைக் கேட்டால் கதை மாறும். வாடகை வீடுகள் 3,000 என்று தெரிந்தால், 450-ஐ 3,000-ஆல் பெருக்கி மாதம் 13.5 லட்சம் என்கிறோம். திட்டப் பிழை சுமார் 84,000 ரூபாய். அந்த 3,000 தெரியாவிட்டால், 32,400-ஐ 40 மடங்காக்கி 12.96 லட்சம் என்றுதான் சொல்ல முடியும், பிழை 1.54 லட்சமாக வீங்கிவிடும். இப்போது எத்தனை வாடகை வீடுகள் என்பதே கேள்வியின் ஒரு பகுதி. கணினியில் அந்த 72 வரிகளை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு மற்ற 228-ஐ அழித்துவிட்டால், இந்தப் பெரிய பிழையைக் கணக்கிட வழியே இராது. மொத்தத்துக்கான கணக்கில் சொந்த வீட்டுக்காரர்கள் வாடகைக்காரரின் செலவாகப் பூஜ்யம் காட்டும் வரிகளாக உள்ளே இருந்தாக வேண்டும்.

தேசிய குடும்ப நல ஆய்வு போன்றவை ஊர்களை முதலில் தேர்ந்து, பிறகு வீடுகளை எடுப்பவை. எளிய குலுக்கலுக்கான சூத்திரம் அங்கே அப்படியே பொருந்தாது. சராசரிக்கான பிழைக்குக்கூட முழு மாதிரியின் அமைப்பும் வேண்டும். ஆனால் உட்குழுவின் எண்ணிக்கை கைமீறிப் போகும் சிக்கல் அங்கேயும் உண்டு. அந்த அறிக்கைகளின் அட்டவணைகளில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும்: அவை 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துச் சொல்லப்பட்டவை. சில கட்டங்களில் எண்ணே இல்லாமல் நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும்: அந்தப் பிரிவில் 25 பேர்கூட வரவில்லை.