கடாரத்து வானில் துருவ நட்சத்திரம்

கெடா மாநிலத்தில் துருவ நட்சத்திரம் தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் தெரிகிற உயரத்தில் தேடினால் கிடைக்காது. சென்னையில் அது தொடுவானத்திலிருந்து 13 பாகை மேலே நிற்கும். சுங்கை பட்டாணியில் ஆறு பாகைகூட முழுசாக வராது. கையை நேராக நீட்டி, நடு மூன்று விரல்களைப் படுக்கையாகச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய ஐந்து பாகை. நட்சத்திரம் அந்த விரல்களுக்குச் சற்று மேலேதான் இருக்கும்.

இந்த உயரக் குறைவுதான் நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்பதையும் சொல்கிறது. பூமியின் அச்சை வடக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் அது துருவ நட்சத்திரத்துக்கு மிக அருகில் போய் நிற்கும். வடதுருவத்தில் நிற்பவருக்கு அந்த நட்சத்திரம் உச்சந்தலைக்கு மேலே, அதாவது 90 பாகையில். நிலநடுக்கோடு ஓடும் போந்தியானாக்கில் நிற்பவருக்கு அது தொடுவானத்திலேயே, பூஜ்யம் பாகையில். இடையில் ஒவ்வொரு பாகை வடக்கே போகும்போதும் நட்சத்திரம் ஒரு பாகை ஏறும். ஆகவே நட்சத்திரத்தின் உயரம் எத்தனை பாகையோ, நம் அட்சரேகையும் கிட்டத்தட்ட அத்தனை பாகை. ஒரு பாகை என்பது தரையில் 111 கிலோமீட்டர். கூலிம் 5.37 பாகையில் இருக்கிறது, தாய்லாந்து எல்லையை ஒட்டிய சங்லூன் 6.43இல். கெடாவின் தெற்கிலிருந்து வடக்குவரை பயணம் செய்தாலும் துருவ நட்சத்திரம் ஏறுவது ஒரு பாகைக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அந்த ஒரு பாகைக்குள் நம் ஊரைப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் உயரத்தில் கவிழ்ந்த நிலையில் தெரியும். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வது இந்தக் கூட்டத்தில்தான், மண்டபத்துக்குள் மத்தியானத்தில் காட்டினாலும்! ஏழில் வால் பகுதியை விட்டுவிட்டு, எதிர்முனையில் உள்ள இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். புலகர், கிரது என்பார்கள். புலகரிலிருந்து கிரதுவுக்கு ஒரு கோடு இழுத்து, அதே திசையில் அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு தள்ளிப் போனால் துருவ நட்சத்திரம். கெடாவில் இந்தக் கோடு மேலிருந்து நேரே கீழே இறங்கி, கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிற இடத்தில் முடியும்.

ஜனவரி மாத முன்னிரவில் சப்தரிஷிகள் இருக்க மாட்டார்கள், பத்து மணிக்குமேல்தான் வடகிழக்கில் எட்டிப் பார்ப்பார்கள். அப்போது போனில் உள்ள திசைகாட்டியை வைத்து நேர் வடக்கைப் பிடித்து, மூன்று விரல் உயரத்தில் தேட வேண்டியதுதான். உயரத்தை அளக்கக் கிளம்பிவிட்டு உயரத்தை வைத்தே தேடுவதா என்று கேட்கலாம். தேடுவதற்குத் தோராயம் போதும், கணக்குக்குத்தான் துல்லியம் வேண்டும்.

இவ்வளவு தாழ்வாக இருப்பதால் இரண்டு தொல்லைகள். ஒன்று, மறைப்பு. தோட்டத்துப் பந்துத் திடலின் தெற்குக் கோடியில் நிற்கிறீர்கள், நூறு மீட்டருக்கு அப்பால் வடக்குக் கோடியில் செம்பனை வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்மட்டத்துக்கு மேல் பத்து மீட்டர் எழும்பிய மரம் அந்தத் தூரத்தில் 5.7 பாகையை மறைக்கும். சுங்கை பட்டாணிப் பக்கம் நட்சத்திரத்தை விழுங்க அது போதும். நிரைநிரையாக ரப்பர் மரம் நிற்கிற இடத்தில் பேச்சே வேண்டாம். யான், பெண்டாங் பக்கத்து வயல்வெளிகள் இதற்கு வசதி. நட்சத்திரத்தை ஜெராய் மலையும் மறைக்கும். அதன் உயரம் 1,217 மீட்டர். சிகரத்துக்கு நேர் தெற்கே 12 கிலோமீட்டருக்குள் நின்றால் அது துருவ நட்சத்திரத்துக்கு மேலே எழுந்து நிற்கும். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களைப் பார்க்க மெர்போக் போகிறவர்கள் அங்கிருந்தே நட்சத்திரத்தையும் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, மங்கல். தொடுவானத்துக்கு அருகில் வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைவிட ஒன்பது மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. துருவ நட்சத்திரம் அப்படியொன்றும் பிரகாசமானதல்ல. இங்கே அதன் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்து சேர்ந்தாலே பெரிது. புகைமூட்டக் காலத்தில் அதுவும் இல்லை. வடக்கே பட்டண வெளிச்சம் இருந்தாலும் கெட்டது. பார்த்தது அதுதானா என்று சந்தேகம் வந்தால், ஒரு கம்பத்தின் விளிம்போடு அதை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி பாருங்கள். மற்ற நட்சத்திரங்கள் துருவத்தைச் சுற்றி 15 பாகை திரும்பியிருக்கும். இது மட்டும் இடம் பெயர்ந்ததாகவே தெரியாது.

அளப்பதற்குப் பள்ளிக்கூடத்துக் கோணமானி சின்னது, அதில் ஒரு பாகை ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பெரிய அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பு நேராக இருக்க வேண்டும். அந்த விளிம்பின் ஒரு முனையிலிருந்து செங்குத்தாகக் கீழே 57 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கோடு முடிகிற இடத்திலிருந்து பக்கவாட்டில் பத்து சென்டிமீட்டருக்கு அளவுகோல் வரையுங்கள். கோடு தொடங்கும் முனையில் நூலைக் கட்டி, அடியில் ஒரு கனமான நட்டைத் தொங்கவிடுங்கள். மேல் விளிம்பு வழியாக நட்சத்திரத்தைக் குறிபார்த்தால், நூல் கோட்டை விட்டு எத்தனை சென்டிமீட்டர் விலகுகிறதோ அத்தனை பாகை உயரம். 57 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஒரு பாகைக்குச் சமம் என்பதுதான் இதன் சூட்சுமம். குறிபார்ப்பவர் ஒருவர், நூலை விரலால் அமுக்கி டார்ச்சில் படிப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். காற்று அடித்தால் நூல் நிற்காது. அட்டைக்குப் பதில் தொடுவானத்தை நம்பி அளந்தால், தூரத்து வீடும் தென்னையும் தொடுவானத்தை உயர்த்திக் காட்டி ஏமாற்றும். நூலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சுங்கை பட்டாணியில் ஜனவரி 15 வாக்கில், இரவு எட்டே முக்கால் மணிக்கு ஐந்து தடவை அளந்ததாக வைத்துக்கொள்வோம். 6.3, 6.7, 6.4, 6.6, 6.5 என்று வருகிறது. சராசரி 6.5 பாகை. இதை அப்படியே நம்பினால் சங்லூனையும் தாண்டி எல்லைப் பக்கம் நிற்கிறோம் என்றாகும். இரண்டு திருத்தங்கள் பாக்கி இருக்கின்றன.

காற்று மண்டலம் ஒளியை வளைத்து, தாழ்வான நட்சத்திரங்களைச் சற்று உயர்த்திக் காட்டும். ஆறு பாகை உயரத்தில் இந்தப் பிசகு 0.15 பாகை. கழித்தால் 6.35. அடுத்தது பெரியது. துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை, 0.6 பாகை தள்ளி நின்று, ஒரு நாளில் துருவத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. ஜனவரி நடுவில் எட்டே முக்காலுக்கு அது அந்தச் சுற்றின் உச்சியில் இருக்கும். 0.6ஐயும் கழித்தால் 5.75. வரைபடத்தில் சுங்கை பட்டாணி 5.65. பிசகு 0.1 பாகை, அதாவது 11 கிலோமீட்டர். அட்டைக்கும் நூலுக்கும் இது மோசமில்லை.

இந்த 0.6 பாகையை அலட்சியம் செய்ய முடியாது. கை நடுக்கமே இல்லாமல் அளந்தாலும், திருத்தம் செய்யாதவர் சுங்கை பட்டாணியிலேயே நின்றுகொண்டு ஜனவரியில் தான் சங்லூனில் இருப்பதாகவும், நட்சத்திரம் சுற்றின் அடியில் இருக்கும் ஜூன் இரவில் பேராக்கின் பாரிட் புந்தார் பக்கம் இருப்பதாகவும் முடிவுக்கு வருவார்.

பழைய மாலுமிகளுக்கு இந்தச் சிக்கல் பத்து மடங்கு பெரிதாக இருந்தது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்த 1025 வாக்கில் இதே நட்சத்திரம் துருவத்திலிருந்து ஏறக்குறைய ஆறு பாகை தள்ளி இருந்தது. கடாரத்திலிருந்து பார்த்தால் அது ஒரு நேரம் தொடுவானத்தைத் தொட்டது, இன்னொரு நேரம் பன்னிரண்டு பாகைக்கு ஏறியது. எந்த வேளையில் அளந்தோம் என்று தெரியாமல் அளவுக்கு மதிப்பே இல்லை.

சோழமண்டலக் கரை மாலுமிகள் பிற்காலத்தில் கையாண்ட கருவியை 1850இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் வெளிவந்த ஓர் இதழில் விவரித்திருக்கிறார். இராப்பலகை என்றும், அரபு மாலுமிகள் வழக்கில் கமால் என்றும் பெயர். சிறு பலகையின் நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாக்கி, பலகையின் கீழ் விளிம்பைக் கடல்விளிம்பில் வைத்தால், மேல் விளிம்பில் நட்சத்திரம் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அந்தத் துறைமுகத்தின் அட்சரேகைக்கு வந்தாயிற்று. பாகைக் கணக்கு தெரிந்திருக்கத் தேவையில்லை. 5 சென்டிமீட்டர் உயரப் பலகைக்கு இன்று முடிச்சுப் போட்டால், திருத்தங்களை விட்டுவிட்டுப் பார்க்க, நாகப்பட்டினத்துக்கு 26 சென்டிமீட்டரிலும் மெர்போக்குக்கு 50 சென்டிமீட்டரிலும் விழும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனை 5.9 பாகையில் இருப்பதால் அதன் முடிச்சு மெர்போக் முடிச்சை ஒட்டியே வரும். தேவேந்திரமுனையிலிருந்து அந்த உயரத்தைக் கைவிடாமல் நேர் கிழக்கே வந்தால், நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள ஆறாம் பாகைக் கால்வாய் வழியாக ஜெராய் மலை கண்ணில் படும்.

சுற்றில் நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்று அட்டவணை பார்க்க விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஜனவரி 15 வாக்கில் எட்டே முக்காலுக்கு ஒரு தடவை, ஜூன் 20 வாக்கில் இரவு பத்தேகாலுக்கு ஒரு தடவை, ஒரே இடத்திலிருந்து அளந்து வையுங்கள். முதலாவது சுற்றின் உச்சி, இரண்டாவது அடி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.6 தானாகவே அடிபட்டுப் போகும். மிச்சமிருப்பதில் காற்றுக்காக 0.15 கழித்தால் போதும்.